ஒரே பொருள், பல கைகள்: கதைத்தொகுப்பு கோக்கிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஒரே பொருள் கதைக்குக் கதை கைமாறிப் போகிற தொகுப்பைப் பற்றி, சிறுகதைப் பட்டறைகளிலும், அதற்குப் பிறகு வரும் போன்களிலும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். பதில்களில் ஒரே உதாரணம்தான் கடைசிவரை வரும்: ஒரு பித்தளை அண்டா. வகுப்பில் விளக்குவதற்காக நானே கட்டிவைத்த ஆறு கதைத் தொகுப்பு அது. புத்தகமாகத் தேட வேண்டாம், கிடைக்காது.

ஏற்கெனவே எழுதின எட்டு கதை கையில இருக்கு. எல்லாத்துலயும் ஒரு பேனாவை நுழைச்சுட்டா தொகுப்பு ஆயிடுமா?

ஆகாது. கதை நடக்கும்போது மேஜைமேல் ஒரு பேனா இருப்பதால் கதைக்கும் பேனாவுக்கும் உறவு வந்துவிடாது. ஒரு எளிய சோதனை: அந்தப் பொருளைக் கதையிலிருந்து எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். முடிவு அப்படியே நின்றால் பொருள் வெறும் அலங்காரம். முடிவு சரிந்தால்தான் அந்தக் கதை தொகுப்புக்கு உரியது.

எட்டில் இரண்டோ மூன்றோ தேறும். பணமுடை, கல்யாணம், பாகப்பிரிவினை, வீடு மாறுவது என்று ஏதாவது ஒன்று கையை விட்டுப் போகிற கதைகளாகப் பார்த்து எடுங்கள். அங்கே பொருளுக்கு ஏற்கெனவே ஒரு காலி இடம் இருக்கும். மற்றவற்றைத் தனியாகவே விட்டுவிட்டு, மிச்சத்தைப் புதிதாக எழுதுவதுதான் சீக்கிரமான வழி.

என்ன மாதிரி பொருளை எடுக்கணும்? எல்லாரும் மோதிரம், டைரின்னே எழுதுறாங்களே.

மோதிரத்தில் உள்ள சிக்கல், அதை விரலில் போட்டுக்கொண்டால் அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. டைரியில் எல்லாம் எழுதியே இருக்கும், வாசகருக்கு வேலை இல்லை. மொபைல் போனோ, நான்கு வருடத்தில் செத்துவிடும். எனக்குப் பிடித்தவை வேலை செய்கிற பொருட்கள்: தையல் மெஷின், சைக்கிள், அம்மி, ஏணி. அவற்றை எடுத்தால் யாராவது எதையாவது செய்தே ஆக வேண்டும். சமைக்க வேண்டும், தூக்க வேண்டும், கழுவ வேண்டும். அந்த வேலையிலேயே ஆளின் குணம் வந்துவிடும்.

அண்டாவை நான் எடுத்ததற்குக் காரணங்கள் இவை. நூறு வருடம் தாங்கும். விற்றால் எடைக்குக் காசு வரும், அதனால் முடை வரும்போதெல்லாம் வீட்டாரின் கண் அதன் மேல் போகும். தனியாளாகத் தூக்க முடியாது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போக நாலு பேர் வர வேண்டும். உள்ளே ஈயம் பூசாமல் புளிப்பு எதுவும் சமைக்க முடியாது, ஆக அடிக்கடி பராமரிப்பு கேட்கும். எல்லாவற்றுக்கும் மேலே, அதில் பெயர் வெட்டியிருப்பார்கள்.

அதே பொருள்தான்னு வாசகருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு கதையிலயும் விளக்கிச் சொல்லணுமா?

வேண்டாம். ஒரே ஒரு அடையாளம் போதும். ஆனால் அது வேறெந்த அண்டாவிலும் இருக்க முடியாத அடையாளமாக இருக்க வேண்டும். நமக்கு இதில் பெரிய முன்னோடி சிலப்பதிகாரம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு சிலம்பும் ஒன்றுபோலத்தான். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம் என்ற உள்விஷயத்தில்தான் வழக்கே தீர்கிறது. அடையாளம் கதையைத் திருப்புகிறது, அழகுக்காக அங்கே வைக்கப்படவில்லை.

அண்டாவின் கழுத்தில் 'தெ. அண்ணாமலை' என்று புள்ளிப் புள்ளியாக உளியால் வெட்டியிருக்கிறது. முதல் கதை 1964-இல் கும்பகோணத்தில் நடக்கிறது, அதனால் எழுத்து பழைய வடிவம்: ணா சுழித்து ஒட்டியிருக்கும், லை-க்கு முன்னால் தும்பிக்கை வளைந்திருக்கும். தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978-இல். கடைசிக் கதையில் 2019-இல் ஓர் இளம்பெண் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிறாள். 'பழைய அண்டா' என்று நான் எங்கேயும் எழுத வேண்டியிருக்கவில்லை. ஒரு எச்சரிக்கை: 1978-க்குப் பிறகும் பல வருடங்கள் பழக்கதோஷத்தில் பழைய எழுத்திலேயே வெட்டினவர்கள் உண்டு. அதனால் எழுத்தை வைத்து வருடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கிற துப்பறிவாளரை உள்ளே விடாதீர்கள்.

ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்குப் போறதை எப்படிக் காட்டறது? 'பிறகு அது அவரிடம் வந்தது'ன்னு ஒரு வரியில போட்டா போதாதா?

அந்த ஒரு வரியில்தான் கதையே இருக்கிறது. யார் கொடுத்தார், ஏன் கொடுத்தார், எதற்குப் பதிலாக, யாருக்கு மனசில்லை. இதில் ஒன்றாவது வாசகருக்குத் தெரிய வேண்டும். நம் ஊரில் பொருள் கைமாற எத்தனை வழி இருக்கிறது பாருங்கள்: சீர், அடகு, ஏலம், பாகம், இரவல் வாங்கித் திருப்பாதது, கூலிக்குப் பதில், காணிக்கை, திருட்டு, எடைக்குப் போடுவது. ஒரு தொகுப்பில் ஒரே வழி இரண்டு முறை வரக்கூடாது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். வாரிசாக வருவது மட்டும் தொடர்ந்து நடந்தால் அது குடும்பக் கதையாகிவிடும், தொகுப்பில் புது ஆட்களுக்கு வழி அடைபட்டுவிடும்.

இரண்டாம் கதையைப் பாருங்கள். 1974. அண்ணாமலையின் மகள் காமாட்சி அண்டாவை அடகு வைக்கிறாள். நம் அடகுக் கடைச் சட்டப்படி மீட்க ஒரு வருடமும் ஏழு நாளும் கெடு. இந்தக் கெடுவே கதைக்கு முதுகெலும்பு. கதை முழுக்க அண்டா கடையின் பரணில் இருக்கிறது, ஒரு வரியில்கூட நாம் அதைப் பார்ப்பதில்லை. அரிசிப்பானைக்கு அடியில் மடித்து வைத்த ரசீது மட்டும்தான் வீட்டில் இருக்கிறது.

ஏழு நாள் சலுகையில் ஐந்தாம் நாள் அண்ணன் ஊரிலிருந்து வருகிறான். "அப்பா பேரு வெட்டுன அண்டா, அதை மூழ்க விடாத தங்கச்சி" என்று பணம் கொடுத்துவிட்டுப் போகிறான். மறுநாள் மகனுக்கு ஸ்கூல் பீஸ் கட்டக் கடைசி நாள். அவள் பணத்தை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போகிறாள். அடகுக் கடை இடதுபக்கம், பள்ளிக்கூடம் வலதுபக்கம். அண்டா மூழ்கிப்போகிறது. அது கைமாறிய கணத்தில் அதன் பக்கத்தில் யாருமே இல்லை, ஆனால் கைமாற்றியது யார் என்பதில் சந்தேகமே இல்லை.

ஒவ்வொரு கதையையும் தனித்தனியா பத்திரிகைக்கு அனுப்பணும். முந்தின கதை படிக்காதவருக்குப் புரியுமா?

புரியும்படி எழுதுவது உங்கள் பொறுப்பு. மேலே சொன்ன இரண்டாம் கதையைத் தனியாகப் படிக்கிறவருக்கு, அண்ணன் சொல்லும் 'அப்பா பேரு வெட்டுன அண்டா' என்ற நாலு வார்த்தை போதும். முதல் கதையில் வரும் 1964 கல்யாணத்தைப் படித்தவருக்கு அந்த நாலு வார்த்தையில் கூடுதலாக ஒன்று கேட்கும்: அந்தப் பெயரை வெட்டச் சொன்னபோது பாத்திரக் கடையில் அப்பா நின்ற விதம். அவ்வளவுதான் வித்தியாசம் இருக்க வேண்டும்.

பத்திரிகைக்கு அனுப்பும்போது 'இது தொடரின் மூன்றாம் பகுதி' என்று குறிப்பு எழுத வேண்டும் என்று கை அரிக்கும். எழுதாதீர்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் கதை நிற்கவில்லை என்றால் கதையில்தான் கோளாறு.

முந்தின கதையில நடந்தது அடுத்த சொந்தக்காரருக்குத் தெரியணுமா?

தெரியவே கூடாது என்பது என் கட்சி. இந்த வகைத் தொகுப்பில் பொருளின் முழுச் சரித்திரமும் தெரிந்த ஒரே ஆள் வாசகர்தான். அந்த இடைவெளியை மூடிவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை.

அன்னி ப்ரூ 1996-இல் எழுதிய 'அக்கார்டியன் கிரைம்ஸ்' நாவலில், சிசிலிக்காரர் ஒருவர் செய்த அக்கார்டியன் அமெரிக்கா முழுக்கக் குடியேறிகள் பலரிடம் கைமாறுகிறது. அதன் உள்ளே பெரிய பண நோட்டுகள் ஒளித்து வைக்கப்பட்டிருப்பது வாசகருக்குத் தெரியும். வறுமையில் உழலும் சொந்தக்காரர்கள் அதைத் தெரியாமலே வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். இப்படிப் பெரிய ரகசியம்தான் வேண்டும் என்று இல்லை. மூன்றாம் கதையில் வாடகைப் பாத்திரக் கடை மாணிக்கம் ஏலத்தில் அண்டாவை எடுத்துவிட்டு, "யாரோ அண்ணாமலையாம், கொடுத்து வச்சவன்" என்கிறார். காமாட்சியின் தெருமுனை தெரிந்த வாசகருக்கு அந்த வரி வேறு மாதிரி இறங்கும்.

கால வரிசையிலதான் அடுக்கணுமா? குழப்பி அடுக்கினா நல்லாயிருக்கும்னு தோணுது.

குழப்பலாம், ஆனால் பொருளின் மேல் உள்ள தழும்புகள் நேராக இருக்க வேண்டும். என் அண்டாவில் நான்கு தழும்பு: கழுத்தில் பெயர் (முதல் கதை), பக்கத்தில் கடை அடையாளமாக 'மா' (மூன்று), விளிம்பில் நசுங்கல் (நான்கு), அடியில் பற்றவைப்பு (ஐந்து). 2019 கதையை முதலில் வைத்தால் இந்த நான்கும் காரணம் தெரியாமல் வாசகர் கண்ணில் படும். பிறகு ஒவ்வொரு கதையிலும் ஒன்றுக்குக் காரணம் கிடைக்கும். எந்தக் கதை முன்னால், எது பின்னால் என்பதைத் தலைப்புக்குக் கீழே வருடம் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. நசுங்கல் இருக்கிறதா இல்லையா என்பதே சொல்லிவிடும்.

முழுக்கப் பின்னோக்கிப் போவதும் ஒரு வழி. அதில் ஒரு ஆபத்து உண்டு: முதல் சொந்தக்காரரின் கதை கடைசியில் வருவதால், எல்லாவற்றுக்கும் அவரிடம் விடை இருக்கும் என்று வாசகர் எதிர்பார்ப்பார். அண்ணாமலையிடம் அப்படி எதுவும் இல்லை, அவர் பாத்திரம் வாங்கினார், அவ்வளவுதான். அதனால் இந்தத் தொகுப்புக்கு அந்த வரிசை வேண்டாம் என்று விட்டேன்.

இதையெல்லாம் ஞாபகத்துல வச்சுக்க முடியுமா, இல்ல எழுதி வைக்கணுமா?

எழுதி வையுங்கள். ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிவைக்கிறவர்கள்கூடப் பொருளுக்கு எழுதுவதில்லை, பிசகுவது அங்கேதான். ஒரு தாள் போதும். ஒவ்வொரு கதைக்கும் வருடம், ஊர், யார் கையில் இருந்து யார் கைக்கு, புதிதாக என்ன தழும்பு, கதை முடியும்போது எங்கே இருக்கிறது. என் தாளில் நான்காம் கதைக்கு இப்படி இருக்கிறது: '1991. மாணிக்கத்திடமிருந்து சமையல்காரர் சுப்பையாவுக்கு, மூன்று முகூர்த்தக் கூலி பாக்கிக்குப் பதிலாக. வேனிலிருந்து இறக்கும்போது விழுந்து விளிம்பு நசுங்கல். புதிதாக ஈயம் பூசியது. சுப்பையா வீட்டுக் கொல்லையில், கவிழ்த்து.'

வாசகர் கண்டுபிடிக்கிற பிழைகள் இரண்டு வகை. ஒன்று, தழும்பு தானாக மறைவது. இன்னொன்று, பொருளின் இயல்புக்கே விரோதமாக எழுதுவது, இதுதான் மோசம். முதல் கதையில் ஓர் எடை இருந்த அண்டா, ஐந்தாம் கதையில் பழைய இரும்புக் கடைத் தராசில் அதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடாது. ஐந்தாம் கதையில் ஆடி மாதம் அம்மன் கோயிலில் அதில் கூழ் காய்ச்சுகிறார்கள். கூழோ புளிப்பு. ஈயம் போன பித்தளையில் புளிப்பை வைத்தால் களிம்பு ஏறி ஊரே வாந்தி எடுக்கும். ஆக, 1991-இல் பூசியது 2004 வரை தாங்காது என்பதால் கூழுக்கு முன்னால் ஒரு ஈயம் பூசும் காட்சி வந்தே ஆக வேண்டும்.

அந்தக் கட்டாயத்தில் வந்த காட்சிதான் தொகுப்பிலேயே எனக்குப் பிடித்தது. கோயில் வாசலில் கரி அடுப்பில் அண்டாவைச் சாய்த்துச் சூடேற்றுகிறார் ஒரு பெரியவர். நவச்சாரப் பொடியைத் தூவியதும் வெள்ளைப் புகை கண்ணைக் கரிக்கிறது. ஈயத் துண்டை உள்ளே தேய்த்துவிட்டு, உருகினதும் துணிப்பொதியால் சுற்றிச் சுற்றி இழுக்கிறார். மஞ்சள் மேல் வெள்ளி பரவுகிறது. "இதுக்கு முன்னாடி பூசுனதும் நம்ம கைதான்" என்கிறார். சொந்தக்காரர் அல்லாத, ஆனால் பொருளை எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்த ஒரு ஆள் தொகுப்பில் இருப்பது எவ்வளவு உதவி என்று அப்போதுதான் பிடிபட்டது.

அப்போ பழைய ஆட்கள் திரும்ப வரலாமா? தற்செயல்னு திட்ட மாட்டாங்களா?

அந்தப் பெரியவர் வருவது தற்செயல் இல்லை. சுற்றுவட்டாரத்துக்கே ஒருவர்தான் அந்தத் தொழில் செய்கிறார், அண்டா அவரிடம்தான் வந்தாக வேண்டும். தொழிலோ ஊரோ காரணமாக இருந்தால் வாசகர் ஏற்றுக்கொள்வார். காமாட்சியின் பேத்தி சென்னையில் ஒரு வீட்டுக்குப் போய், அங்கே வரவேற்பறையில் கொள்ளுத்தாத்தா பெயர் வெட்டிய அண்டாவைப் பார்த்துக் கண்கலங்கினால் புத்தகத்தை மூடிவிடுவார். ஒரு தொகுப்புக்கு ஒரு மறுவருகை, அதற்கு மேல் வேண்டாம்.

பொருளே கதை சொல்ற மாதிரி எழுதினா புதுசா இருக்குமே?

புதுசு இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இது பெரிய ஃபேஷன். நாணயம், கோட்டு, வண்டி எல்லாம் தன் கதையைத் தானே சொல்லின. சார்ல்ஸ் ஜான்ஸ்டோன் எழுதி 1760-இல் வெளிவந்த 'கிரிசால்' ஒரு தங்க நாணயம் சொல்லும் கதை. கைமாறும் இடமெல்லாம் பெரிய மனிதர்களின் ஊழலைப் போட்டு உடைக்கும். நையாண்டிக்கு அது சரியான கருவி.

உங்கள் கதைகள் நையாண்டி இல்லை என்றால் தவிர்த்துவிடலாம். பேசுகிற அண்டாவுக்கு முந்தைய கதை எல்லாம் தெரியும். வாசகருக்கு மட்டுமே தெரியும் என்று மேலே சொன்னேனே, அந்த இடைவெளி முதல் பக்கத்திலேயே போய்விடும்.

அந்தப் பொருளுக்கு ஒரு சாபமோ ராசியோ இருந்தா விறுவிறுப்பா இருக்காதா?

மூன்றாம் கதைக்குள் வாசகர் முடிவைச் சொல்லிவிடுவார். வாங்கினவர் எல்லாம் கெட்டுப்போவார்கள் என்று தெரிந்த பிறகு அவர்களின் முடிவுகளுக்கு மதிப்பில்லை, காமாட்சி தெருமுனையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சாபம்தான் காரணம் என்றாகிவிடும். பாத்திரங்கள் யாராவது 'ராசியில்லாத அண்டா' என்று நம்பட்டும், தப்பில்லை. ஆசிரியர் நம்பக்கூடாது.

எத்தனை கதை இருக்கணும்?

ஐந்துக்குக் கீழே போனால் பழக்கம் ஏற்படுவதற்குள் முடிந்துவிடும். பத்துக்கு மேலே போனால் ஒவ்வொரு கதை தொடங்கும்போதும் 'அது எங்கே வரும்' என்று வாசகர் தேட ஆரம்பிப்பார். கைமாறும் வழிகள் தீர்ந்துபோகிற இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசிக் கதையில பொருளை என்ன பண்றது? உடைச்சுடலாமா, இல்ல முதல் குடும்பத்துக்கே திரும்பப் போகலாமா?

திரும்பப் போவதைப் பற்றி மறுவருகைக் கேள்வியிலேயே சொல்லிவிட்டேன். உடைப்பது, உருக்குவது, ஆற்றில் போவது எல்லாம் முடிக்கத் தெரியாதவர் இழுக்கிற திரை மாதிரிதான் பெரும்பாலும் தெரியும். நான் பார்ப்பது வேறு: பொருளின் வேலை மாறுகிறதா? கோயில் கமிட்டிப் பையன்கள் எடைக்குப் போட்ட அண்டா காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் ஒன்றுக்கு வருகிறது, அங்கிருந்து சென்னை அடுக்குமாடி வீட்டுக்கு. எடை விலைக்குப் போனது, இப்போது பழமைக்கான விலையில் வருகிறது. வீட்டில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விடுகிறார்கள். சமைக்கிற பாத்திரம் பார்க்கிற பாத்திரமாகிவிட்டது, இனி அதற்கு ஈயம் தேவையில்லை.

அந்தக் கதையின் சண்டை இதுதான்: கணவனுக்கு அந்தப் பெயரைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும், யாரோ ஒருவர் பெயர் நம் வீட்டில் எதற்கு என்கிறான். மனைவிக்குப் பெயர் இருப்பதால்தான் அது பிடித்தது. பாலிஷ் போடுகிறவர் வந்து, வெட்டினது போகாது, ஆழம் ஜாஸ்தி, வேண்டுமானால் சுவர் பக்கம் திருப்பி வையுங்கள் என்கிறார். திருப்பி வைத்தார்களா என்பதை எழுதினேன், எழுதாமலும் பார்த்தேன். இப்போதைய வடிவத்தில் எழுதியிருக்கிறேன்: திருப்பி வைக்கிறார்கள், அந்தப் பக்கம் 'மா' தெரிகிறது.

நடுவுல ஒரு கதை சரியா வரல. எடுத்துட்டா சங்கிலி அறுந்துடாதா?

எடுத்துவிடுங்கள். மோசமான கதையை இணைப்புக்காக வைத்திருப்பதைவிட இடைவெளி மேல். மூன்றாம் கதையை எடுத்தால் காமாட்சியின் அடகிலிருந்து நேராகச் சுப்பையாவின் கூலி பாக்கிக்கு வந்துவிடுவோம். நடுவில் மூழ்கியதும் ஏலம் போனதும் யாரிடமோ இருந்ததும் வாசகரே போட்டுக்கொள்வார். 'மா' என்ற எழுத்து மட்டும் காரணம் சொல்லப்படாமல் நிற்கும், நிற்கட்டும்.

ஆனால் எடுத்த பிறகு தாளைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். அந்தக் கதையில் பிறந்த தழும்பைப் பற்றிப் பின்கதையில் யாராவது, "அதான் மாணிக்கம் கடையில வெட்டுனதாச்சே" என்று பேசியிருப்பார்கள். அந்த வசனம் இருந்தால் மாணிக்கம் யார் என்று வாசகர் தேடுவார். வசனத்தை வெட்டுங்கள், எழுத்தை விட்டுவிடுங்கள்.